நீட்டடி

எங்கள் சித்தப்பா அரசாங்க மொழிபெயர்ப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலை மட்டும்தான், வியாதி பெறவில்லை. வீட்டில் குக்கரை ‘அழுத்தக் கொதிகலன்’ என்பார். “சோறு வேணுமா, கொதிகலன் வேணுமா?” என்று சித்தி ஒருநாள் கரண்டியோடு வந்து நின்ற பிறகுதான் அது மறுபடியும் குக்கரானது. எங்களை வளர்த்தவர் என்பதால் நானும் தங்கையும் பொறுத்துக்கொண்டோம். தங்கை நிஜமாகவே பொறுத்துக்கொண்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் நான். ஒரு சொல் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்குச் செருப்புக்குள் கல் மாட்டின மாதிரி இருக்கும்.

அவருடைய வாழ்க்கைத் தத்துவம் ஒன்றே ஒன்று: அகலக்கால் வைக்காதே. சின்ன வயதில் சைக்கிள் கேட்டால் அதைச் சொல்வார். கல்லூரிச் சுற்றுலாவுக்குக் காசு கேட்டால் அதைச் சொல்வார். நான் வீட்டுக்கடன் வாங்கப் போனபோது வங்கி வாசலிலேயே சொன்னார். அப்படிப்பட்டவர் எங்கள் பேட்டை ஓட்டக் கழகத்துக்குத் தலைவரானார். பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடாத மனிதர். மைதானத்து வேலியோரம் ஒரு வெள்ளைப் பலகையை நட்டு, தினசரிப் பயிற்சியைத் தூய தமிழில் எழுதி வைப்பதுதான் தலைவரின் பணி.

தங்கைக்கு இந்த ஓட்டம் பொழுதுபோக்கு இல்லை. தீயணைப்புத் துறைத் தேர்வில் எழுத்து, கயிறு, எடை தூக்குவது எல்லாம் தேறிவிட்டாள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில்தான் போன தடவை கோட்டைவிட்டாள். கடைசிச் சுற்றில் மூச்சு இருந்தது, கால் வேகம் எடுக்கவில்லை. இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். பிறகு அந்தச் சீருடையைத் துணிக்கடைப் பொம்மை மேல்கூடப் பார்க்க முடியாது.

அவளுக்குப் பயிற்சி சொன்னவர் வேறு ஊரில் இருக்கும் பள்ளி விளையாட்டு ஆசிரியை. கோச் என்போம். போனில் ஆங்கிலத்தில் சுருக்கமாக அனுப்பிவிடுவார்: மெதுவாக, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அரை மணி, அதன்பின் முழங்கால் தூக்கி நடப்பது, துள்ளுவது, கடைசியில் நாலு ‘ஸ்ட்ரைட்ஸ்’. அவ்வளவுதான். சித்தப்பா அதைக் கேட்டு வாங்கினார், கழகம் முழுக்கப் பயன்படட்டுமே என்று. அகராதியைத் திறந்தார். ஸ்ட்ரைட் என்றால் நீட்டி வைக்கும் அடி. மறுநாள் பலகையில் பெரிய எழுத்தில்: ‘நீட்டடி – நான்கு முறை’.

அன்றைக்குக் காலையில் அந்த மைதானத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! கழகத்துப் பல் டாக்டர் தண்ணீர்க் குட்டையைத் தாண்டுகிறவர் மாதிரி ஒவ்வொரு அடிக்கும் எகிறினார். எந்நேரமும் மணிக்கட்டையே பார்ப்பதால் ‘கடிகாரம்’ என்று பெயர் வாங்கியவர், நாலு முறையையும் நாலு பந்தயமாக்கி, யார் முந்தினது என்று சண்டை பிடித்தார். மூன்றாவது முறையில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தும் கடிகாரத்தைத்தான் பார்த்தார். தலைவர் வேலியோரம் நின்று, “இன்னும் நீட்டுங்க! நீட்டுங்க!” என்று உற்சாகப்படுத்தினார்.

தங்கையும் நீட்டினாள். சித்தப்பா சொல்லி அவள் எதைத்தான் செய்யவில்லை?

கொஞ்ச நாளில் அவளுக்கு கணைக்கால் எலும்பு வலிக்க ஆரம்பித்தது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சமையலறையில் நின்றபடி ஐஸ் கட்டி வைத்துத் தேய்த்தாள். “பழகினா சரியாயிடும்கா” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் மைதானத்துக்குப் போய் அவள் ஓடுவதைப் பக்கவாட்டிலிருந்து போனில் படமெடுத்தேன். படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது எனக்கே புரிந்தது. கால் இடுப்புக்கு வெகு முன்னால் போய்க் குதிகாலில் குத்துகிறது. குத்தின ஒவ்வொரு தடவையும் உடம்பு ஒரு நொடி தயங்குகிறது.

அதை அப்படியே கோச்சுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“யாரும்மா இவள இப்படித் தாண்டச் சொன்னது? ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போடுறா பாரு!”

“ஸ்ட்ரைட்ஸ்னா நீட்டி வைக்கிறதுன்னு எங்க தலைவர்…”

கோச் சிரித்த சிரிப்பில் போன் கதறியது. பிறகு தங்கையைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

“அது பேருதாம்மா அப்படி. நீட்டுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மெதுவா ஆரம்பி. கொஞ்சம் கொஞ்சமா வேகம் ஏத்து. நடுவுல நல்ல வேகம், ஆனா முட்டி மோதாத. தாடை, தோள், கை எல்லாம் தளர்வா இருக்கணும். கால் உனக்கு அடியிலயே விழணும், விழுந்ததும் எடுத்துடணும். நிமிர்ந்து ஓடு. அப்புறம் பைய வேகத்தைக் குறை. இருபது செகண்டுக்குள்ள முடிஞ்சிடும். மூச்சு அடங்குற வரைக்கும் நடந்து திரும்பி வா, அப்புறம்தான் அடுத்தது. களைச்சுப் போறதுக்கு இல்ல இது. மெதுவாவே ஓடி ஓடிக் காலுக்கு வேகம் மறந்து போயிடும், அத ஞாபகப்படுத்துறதுக்கு.”

“முழங்கால் தூக்கி நடக்குறது, துள்ளுறதெல்லாம் எதுக்கு மேடம்?”

“அதே பாடத்த மெதுவாப் படிக்கிறது. பாதம் எங்க விழணும்னு கால் அங்க கத்துக்கும். மொதல்ல வலி போகட்டும், அதுவரைக்கும் ஓடாத.”

வலி போனது. ஓட்டம் திரும்பியது. கோச் சொன்னபடி அவள் செய்ததை நான் முதன்முதலில் பார்த்தபோது, என் தங்கைதானா என்று இருந்தது. சத்தமே இல்லை. பாதம் தரையைத் தட்டித் தட்டி எடுத்தது. முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது.

ஆனால் இந்த அழகெல்லாம் தலைவர் வராத நாளில்தான். அவர் வேலியோரம் வந்துவிட்டால் இவள் மறுபடி எகிற ஆரம்பிப்பாள்! இரண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி இரண்டு ஓட்டம் ஓடினாள்.

“அவர்கிட்ட சொல்லித் தொலையேன்டி” என்றேன்.

“பாவம்கா. பலகையில அவ்ளோ ஆசையா எழுதியிருக்காரு.”

“இந்த வேலை கை நழுவிப் போனா அந்தப் பலகையா சோறு போடும்?”

இவள் சொல்ல மாட்டாள் என்று நானே சொன்னேன், சாப்பாட்டு மேசையில். “சித்தப்பா, நீட்டடி தப்பு. அகராதி சரி, அர்த்தம் தப்பு.” அவர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒற்றுப் போட்டு ஒற்றெடுத்துச் சம்பளம் வாங்குற உனக்கு மொழிபெயர்ப்பப் பத்தி என்ன தெரியும்?”

“மொழிபெயர்த்தவருக்கு ஓட்டத்தப் பத்தி என்ன தெரியுமோ, அதே அளவுதான்.”

சித்தி விருட்டென்று எழுந்து குழம்பு பரிமாறினாள். யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து சித்தப்பா என்னோடு பேசவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நாலாவது காலைக் காட்டினால் முயலையே ஒளித்துவைத்துவிடுவார்.

தேர்வுக்கு முந்தின மாலை நான் கடைசி முயற்சியாக அவர் நாற்காலிப் பக்கத்தில் போய் நின்றேன். பழைய படத்தையும் புதிய படத்தையும் அடுத்தடுத்துப் போட்டு அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். திரும்பப் போடச் சொல்லிச் சைகை காட்டினார். போட்டேன். மூன்றாவது தடவையும் பார்த்தார்.

“படம் தெளிவா இல்ல” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? போனை அவர் தலையில் போடவில்லை. அதற்கே எனக்குப் பரிசு தர வேண்டும்.

தேர்வு மைதானத்தில் அவர்தான் முதல் ஆளாக வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் தொப்பி வேறு. அவர் ‘நீட்டு’ என்று கத்தினால் இவள் நீட்டிவிடுவாளே! அவர் வாயைப் பொத்தத் தயாராகப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

முதல் இரண்டு சுற்றும் தங்கை நன்றாக ஓடினாள். மூன்றாவதில் முகம் மாறியது. கடைசிச் சுற்று மணி அடித்தபோது நேரம் இழுபறியில் இருந்தது. கோட்டோரம் நின்ற அதிகாரி நொடிகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வளைவில் நான் பயந்தது நடந்தது. யாரும் கத்தாமலேயே நடந்தது. களைத்த கால் பழைய பாடத்தை எடுத்துக்கொண்டது. தோள் காதுவரை ஏறியது, கால் முன்னால் முன்னால் எட்டியது, குதிகால் குத்தும் சத்தம் வேலிவரை கேட்டது. எட்டி எட்டி வைத்தாள், இருந்த இடத்திலேயே இருந்தாள். பக்கத்தில் ஓடினவள் தாண்டிப் போனாள்.

“தட்டி எடு! அடியில வை! தளர்வா!” என்று கோச் சொன்னதையெல்லாம் மொத்தமாகக் கத்தினேன். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. அத்தனை சொல்லை அந்த நேரத்தில் எவள் பிரித்துப் புரிந்துகொள்வாள்?

சித்தப்பா வேலிமேல் ஒரு காலை ஏற்றினார். தொப்பி விழுந்தது. நான் அவர் வாயைப் பொத்தக் கையைத் தூக்கினேன், அதற்குள் கத்திவிட்டார்.

“அகலக்கால் வைக்காதேம்மா! அகலக்கால் வைக்காதே!”

மைதானமே சிரித்தது. தேர்வில் ஓடுகிற பெண்ணுக்குப் பழமொழி சொல்கிறாராம் பெரியவர். ஆனால் பிறந்ததிலிருந்து அந்தக் குரலில் அந்தச் சொல்லைக் கேட்டு அடங்கினவள் அவள். சைக்கிளை விட்டாள், சுற்றுலாவை விட்டாள். இப்போதும் சட்டென்று அடங்கினாள். எட்டின கால் அடிக்கு வந்தது. தோள் இறங்கியது. ஒரு நாலைந்து அடி தடுமாறினாள், பிறகு தட்டித் தட்டி எடுக்க ஆரம்பித்தாள். தலைவர் வராத நாளிலெல்லாம் காலுக்கு ஞாபகப்படுத்தி வைத்திருந்த வேகம் வந்தது. தாண்டிப் போனவளைப் பிடித்தாள். அதிகாரி நேரம் முடிந்ததென்று வாயைத் திறந்தபோது இவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தாள்.

நான் அழுதேன். வெட்கமென்ன, ஓவென்று அழுதேன். சித்தப்பா தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் தொண்டையைச் செருமினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினார்.

“நீட்டடின்னா, நெடுநேரம் நீடிக்கிற அடின்னு அர்த்தம். அந்தப் பொருள்லதான் அன்னிக்கே எழுதினேன். நீங்கதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க.”

நான் வாயைத் திறந்தேன். தங்கை என் காலை ஓங்கி மிதித்தாள். அந்தக் காலும் சரியாக அவளுக்கு அடியிலேயே விழுந்தது.

மறுநாள் காலை கழகப் பலகை துடைத்துச் சுத்தமாக இருந்தது. புதிதாக எழுதியிருந்தார்: ‘அகலக்கால் வையா ஓட்டம் – நான்கு முறை. நடந்து திரும்புக. பந்தயம் வேண்டா.’ பல் டாக்டர் அதைப் படித்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே சின்னச் சின்ன அடியாக, சத்தமில்லாமல் ஓடிக் காட்டினார்.

பேனாவைத் திறந்துகொண்டு பலகை முன்னால் நின்றேன். ஒற்றுப்பிழை தேடினேன், பொருட்பிழை தேடினேன். ஒரு பிழை இல்லை. கிழவருக்கு அத்தனை நாள் அந்தச் சொல் வாயிலேயே இருந்திருக்கிறது. பேனாவை மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன், வயிற்றெரிச்சலோடு.