இடது மூலை

நல்லையாவுக்கு எழுத்து வந்ததே ஐம்பது வயதுக்கு மேல்தான். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார், எழுத உட்கார்ந்தால் மட்டும் விரல் கட்டையாகிவிடும். மகள் சத்தியபிரியாவுக்குச் சொல்ல வேண்டியதை எழுதத் தெரியாமல்தான் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினார்.

மூன்று மாதத்துக்கு முன் மனைவி மாரியாயி இறந்தபோது திருப்பூரிலிருந்து மகள் ஓடி வந்தாள். சொல்லாமல் கல்யாணம் கட்டிப் போனவள். அம்மாவைப் பார்க்க விடுங்கள் என்று எத்தனையோ தடவை போனில் கேட்டும் நல்லையா சம்மதிக்கவில்லை. உடலை எடுத்து முடிந்ததும் வாசலிலேயே, "வந்தது போதும், போ" என்றார். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அந்தச் சொல்லை அன்றிலிருந்து அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்டூடியோ படம். மாரியாயி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அவள் முழங்கையை ஒட்டி, படத்தின் இடது மூலையில், நாலு வயசு மகள் சத்யா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நல்லையா அதில் இல்லை. அன்றைக்கு வெளியில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதைத் தன் வாட்ஸ்அப்பில் பெயருக்குப் பக்கத்தில் தெரிகிற டிபியாக வைத்தால் மகள் பார்ப்பாள், பார்த்தால் புரிந்துகொள்வாள் என்பது அவர் கணக்கு.

செல் கடைக்கார அருள்பிரகாஷ் படத்தை அவர் செல்லில் பிடித்து, சதுரமாக வெட்டினான்.

"அம்மா மூஞ்சி நல்லாத் தெரியணும்ல, அங்கிள்?"

"பளிச்சுன்னு தெரியணும் தம்பி."

படத்தைப் பெரிசாக்கி வைத்துவிட்டான். நல்லையா தொட்டுப் பார்த்தார். திரை நிறைய அம்மாவும் மகளும். மனசு லேசாகித் தன் ஊரான பூண்டிக்குத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் சத்யாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அவள் குழந்தையின் படம் காணாமல் போனது. அந்த இடத்தில் முகமில்லாத சாம்பல் பொம்மை ஒன்று இருந்தது. சிக்னல் இல்லை போல என்று நினைத்தார்.

மறுநாள் கேரட் கழுவுகிற இடத்தில் வடிவு மூட்டையை இறக்கிவிட்டு நேராக அவரிடம் வந்தாள். நல்லையாவுக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி மாதிரி இருந்தவள்.

"ஏண்ணே, உங்களுக்குப் புத்தி எதுவும் கெட்டுப்போச்சா? மதினி படத்துல இருந்தும் பிள்ளையத் தள்ளி வச்சிட்டீகளே?"

"யாரு தள்ளுனது? இந்தா கெடக்கு பாரு." தொட்டுக் காட்டினார். மூலையில் சத்யா நின்றாள்.

"நீங்க தொட்டுப் பாக்குறீக. ஊரு எதைப் பாக்கும்?" வடிவு தன் செல்லை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ரூபாய்க் காசு அளவு வட்டம். அதற்குள் மாரியாயி மட்டும். வட்டத்தின் விளிம்பில் முந்தானையைப் பிடித்த இரண்டு விரல் நுனி. நாலு மூலையும் இல்லை.

நல்லையா ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவகிட்ட சொல்லும்மா. நான் வெட்டலன்னு சொல்லு. எனக்குத்தான் எடுக்க மாட்டா."

வடிவு அங்கேயே கூப்பிட்டு, குரலை வெளியே கேட்கும்படி வைத்தாள். "சத்யா, அப்பா உன்னைய வெட்டல. செல்லுதான் வட்டமா வெட்டிக் காட்டுது. தொட்டுப் பாரு, நீ இருக்கே."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது.

"செல்லு வெட்டுச்சுன்னே வச்சுக்கிறேன், அத்தை. அன்னைக்கு வாசல்ல போன்னு சொன்னது எது?"

துண்டித்துவிட்டாள். கழுவுகிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வடிவு அடுத்த மூட்டைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்லையா மறுபடி அருள்பிரகாஷ் கடைக்குப் போனார். "மூலை போகாம வையி தம்பி."

"வைக்கலாம் அங்கிள். சுத்தி வெள்ளை விட்டு, படத்தைச் சின்னதாக்கி நடுவுல வைக்கணும். மூஞ்சிதான் கடுகு மாதிரி ஆயிரும்."

"ஆகட்டும்."

இப்போது வட்டத்துக்குள் படம் முழுசாக இருந்தது. யார் அம்மா, யார் பிள்ளை என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

பஸ்சுக்குக் காத்திருக்கையில் மகளின் பெயரை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். படம் வெட்டுப்பட்ட கதையை எழுதவில்லை. 'போன்னு சொன்னது நாந்தான். தப்பு என்னோடது' என்று மட்டும் எழுதினார். ஒரு சொல்லில் துணைக்கால் விட்டுப்போனதைப் பார்த்து, அழித்துத் திருத்தி அனுப்பினார்.

ஒரு டிக் விழுந்தது. அவளுக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டு விழ வேண்டும். பூண்டி வந்து இறங்கும்போதும் ஒன்றுதான். பக்கத்தில் அந்தச் சாம்பல் பொம்மை. அதைத் தொட்டுப் பார்த்தார். பெரிசாகக்கூட ஆகவில்லை.