கூட்டாளிக்கு முன்னால் ஒரு சொல்

பன்னிரண்டு வருஷ நம்பிக்கைக்குக் கணவர் போட்ட விலை ஒரே ஒரு பெயரடை.

அவர்களுடைய மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் பிரெஞ்சு அவருடையது, ஸ்பானிஷ் அவளுடையது. வாடிக்கையாளருக்கு அவர் எழுதிய பிரெஞ்சுக் கடிதம், ஸ்பானிஷில் மாற்றுவதற்காக அவள் மேசைக்கு வந்தது. அதில் அவளைக் குறிக்கும் ‘அசோசியே’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘ஆன்சியென்’ நின்றது. பின்னால் நின்றிருந்தால் நெடுநாள் கூட்டாளி. முன்னால் நின்றதால் முன்னாள் கூட்டாளி.

“என்னங்க, இடம் மாறிப்போச்சா?”

“அவசரத்துல அடிச்சிட்டேன்மா. இதைப் போய் பெருசு பண்றியே!”

இதே பிழைக்காக இரண்டு பேரை வேலையை விட்டுத் தூக்கிய மனுஷர்!

அவள் திருத்தவில்லை. ஸ்பானிஷிலும் அதே பொருளுள்ள ‘அந்தீகுவா’வை முன்னால் வைத்தே அனுப்பிவிட்டு, வாசலில் தன் பெயர்ப்பலகையைக் கழற்றினாள். பற்றில் பன்னிரண்டு வருஷ உழைப்பும், அலுவலகத்துக்கு முதலாகப் போன அம்மா போட்ட நகையும். வரவில் அந்தக் கடிதம் மட்டும்.