இலவச டம்ளர் வாடிக்கையாளர்கள்

மதன் சாரின் காபித்தூள் கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான். 1997 ஜூனில் எங்கள் விற்பனையாளர் டேவிஸ் மைசூரில் வீடு வீடாக ஏறி இறங்கி நூறு பேரைப் பிடித்தார். தசராவுக்கு, அக்டோபரில், முதலாளியின் மச்சான் பரத் இலவச டம்ளர் கொடுத்து ஆயிரம் பேரைச் சேர்த்தான். பரத் மேனேஜர் ஆனான். டேவிஸுக்கு வேலை போனது.

பிப்ரவரியில் ஓர் அட்டவணை போட்டேன். வாடிக்கையாளர்கள் முதன்முதலாக வாங்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரிசை. அவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அடுத்தடுத்த மாதங்களில் மறுபடி வாங்கினார்கள் என்று கட்டம் கட்டமாக. மூன்றாம் மாதக் கட்டத்தில் ஜூன் ஆட்கள் நூற்றுக்கு அறுபது. அக்டோபர் ஆட்கள் மூன்று.

"அக்டோபர் ஆளுங்க புதுசுதானேம்மா? போகப் போக வருவாங்க," என்றார் சார்.

"ரெண்டு கூட்டத்துக்குமே முதல்ல வாங்கினதிலேர்ந்து மூணாவது மாசம்தான் சார் பார்த்திருக்கேன். அக்டோபர் ஆளுங்க டம்ளருக்கு வந்தவங்க."

சார் ஜூன் வரிசையைப் பேனாவால் வட்டமிட்டார். டேவிஸைத் திரும்பக் கூப்பிடுவார் என்று நம்பிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஜூன் ஆளுங்கதான் தங்கம். அவங்க அட்ரஸையெல்லாம் பரத்கிட்ட கொடு. இனிமே அவன் பார்த்துக்கட்டும்."

கொடுத்தேன். பரத் பட்டியலைப் புரட்டிவிட்டுக் கேட்டான்: "ஹில்டா, இவங்களுக்கெல்லாம் இன்னும் டம்ளரே கொடுக்கலையா?"