சாப்பாட்டுக்கு முந்தி வந்த மெசேஜ்

கண்டியில் மத்தியானம் என்றால் வயிறு வைத்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் யோகராஜின் போன் செத்துப்போனது. போன் என்ன, போன் நல்லாத்தான் இருந்தது. உள்ளே இருந்த சாப்பாட்டு டெலிவரி ஆப்தான் கதவைச் சாத்திக்கொண்டது.

பிரியாணிக் கடை வாசலில், தன் கறுப்புப் பையை முதுகில் மாட்டியபடி அவன் அதைத் தட்டினான், தேய்த்தான், அணைத்து மறுபடி போட்டான். அசையவில்லை. பக்கத்து பைக்கில் சாய்ந்து நின்ற ஸாகி எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், போனுக்கு எண்ணெய் தேச்சு விர்றியா?"

"எக்கவுண்ட நிப்பாட்டிட்டாங்கடா. ஸ்டார் கொறைஞ்சிருச்சாம்."

"யாருக்கு? உனக்கா? நீ கதவ மூடினாக்கூட கதவுக்கிட்ட மன்னிப்புக் கேக்கிற ஆளாச்சே!"

சிரித்த ஸாகி, யோகராஜின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான். யோகராஜின் பைக் மாதத் தவணைக்கு, லீசிங்கில் எடுத்தது. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டுக் கெலிஓயாவில் வாடகைக்கு வந்து, மனைவி கிருஷாந்தியும் அவனும் குடும்பம் நடத்துவதே அந்த பைக்கின் மேல்தான். அது ஸாகிக்குத் தெரியும்.

ஹெல்ப் சாட்டில் கேட்டதற்கு, "அன்பான ரைடர் பார்ட்னரே" என்று தொடங்கிய பதில் ஒன்று வந்தது. என்ன கேட்டாலும் அதே அன்பு, அதே பதில். கடைசியில் ஒன்று மட்டும் விளங்கியது: மேன்முறையீடு செய்யலாம். ஒரே ஒரு தரம். அதற்கும் ஒரு சின்னப் பெட்டி, அந்தப் பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி எழுத வேண்டும்.

"ஒரே தரமா?" என்றான் ஸாகி. "அப்ப நீ எழுதாத. நீ எழுதினா மன்னிப்பு மட்டுந்தான் இருக்கும். வா, எங்கட ராத்தாக்கிட்டப் போவோம்."

ஸாகியின் அக்கா பஸ்லினா கெலிஓயாச் சந்தியில் ஒரு கொமியூனிகேஷன் வைத்திருந்தாள். மாடிக்கடை. போட்டோகொப்பி, டைப்பிங், மூன்று பாஷையிலும் கடிதம். அவள் எழுதிய விண்ணப்பம் போகாத அரச அலுவலகம் அந்தப் பக்கத்தில் இல்லை.

கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கருணை உள்ளம் கொண்ட ஐயா அவர்கட்கு. என் வயது முதிர்ந்த தாயார் படுத்த படுக்கையில்..."

"அக்கா, அக்கா! எங்க அம்மா இன்னைக்குக் காலையிலயும் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருக்காங்க."

"அப்ப தகப்பனப் படுக்க வைப்போமா?"

"அப்பா கங்காணியோட சண்டை போட்டுட்டு நிப்பாருங்க. ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்காங்க."

"ஒரு நோயாளியும் இல்லாத குடும்பத்துக்கு நான் எப்பிடித் தம்பி கடிதம் எழுதுற?" பஸ்லினா உண்மையிலேயே சலித்துக்கொண்டாள். பிறகு கதிரையைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தாள். "சரி, நீ செஞ்ச குத்தம் என்ன?"

"அதாங்க தெரியல."

"தெரியாத குத்தத்துக்கு விளக்கம் கேட்டா நான் எங்க போற? அந்த ஸ்டாரெல்லாம் காட்டு பாப்போம்."

ஆப்பில் பழைய கணக்கை மட்டும் இன்னும் பார்க்க முடிந்தது. ஐந்து, ஐந்து, ஐந்து என்று வரிசையாகப் போன இடத்தில், திடீரென்று சில ஒற்றை ஸ்டார்கள். பேரில்லை, வீடில்லை. ஒவ்வொன்றின் கீழும் ஒரே குறை: சாப்பாடு வந்து சேரவில்லை.

"அல்லாஹ்வே! திண்டுட்டியா?"

"ஐயோ அக்கா! ஒரு பார்சல்கூட நான் குடுக்காம வந்ததில்லீங்க. கையில குடுத்துட்டுத்தான் வருவேன். சத்தியமா."

அவன் குரல் உடைந்தது. பஸ்லினா விளையாட்டை விட்டாள்.

"சரி, அழாத. எடுக்கிறதில இருந்து குடுக்கிற வரைக்கும் நீ செய்றத ஒண்ணு விடாமச் சொல்லு. நான் ஒண்ணும் தெரியாத பொம்பள எண்டு நெனச்சுக்க."

சொன்னான். கடையில் எடுப்பது, பையில் வைத்துப் பூட்டுவது, ஓடுவது. பிறகு அந்த மேட்டு வீடுகள். கண்டியில் பாதி வீட்டுக்குப் பாதை கிடையாது, படிதான். பைக்கைக் கீழே நிறுத்த வேண்டும். படியில் கொஞ்சம் ஏறினதும் பாறை மறைத்து சிக்னல் போய்விடும்.

"மேல குடுத்துட்டுத் திரும்பக் கீழ வந்து ஆப்புல 'குடுத்தாச்சு'ங்கிற பட்டன இழுத்தா, நேரம் பிந்திருச்சுன்னு ஆப் காட்டும். அதனால கீழயே இழுத்து விட்டுட்டு, ஓட்டமா ஏறிக் குடுத்துருவேன்."

"நாங்க எல்லாரும் அப்பிடித்தான்" என்றான் ஸாகி பெருமையாக. "அது தொழில் நுணுக்கம், ராத்தா."

"நீ இழுத்த உடன அந்த வீட்டுக்காரர்ட போன்ல என்ன வருது?"

இரண்டு பேரும் அவரவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"என்ன வருது?" என்றாள் மறுபடி.

"தெரியாதுங்க" என்றான் யோகராஜ்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளாச்சும் இதில சாப்பாடு எடுத்ததே இல்லியா?"

"நாங்க எதுக்கு எடுக்கிற? எங்களுக்கு ஊட்டுச் சோறு ஈக்கே!" என்றான் ஸாகி.

பஸ்லினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கண்டி முழுக்கச் சோறு சுமக்கிற இரண்டு பேர், அந்தச் சோறு வாங்குகிறவனின் போனை ஒரு தரமாவது எட்டிப் பார்த்ததில்லை!

உடனே தன் போனை எடுத்தாள். ஆப்பை இறக்கினாள். எதிர்க் கடைக் கொத்து ரொட்டி ஒன்றை, தன் கடைக்கே ஓடர் போட்டாள். ஸாகியை அந்தக் கடை வாசலுக்கு விரட்டியிருந்ததால், ஓடர் போய் அவனிடமே விழுந்தது.

"நீ படிக்குக் கீழ நிண்டு இழுத்துட்டுத்தான் ஏறணும். எப்பவும் போல, சரியா?" என்று ஜன்னலால் கத்தினாள்.

யோகராஜ் அவள் தோளுக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்தான். படத்தில் ஒரு குட்டி பைக் நகர்ந்தது.

"அக்கா, இது... இது ஸாகியா?"

"வேற ஆரு? உங்கட வாப்பாவா?"

"நாங்க போற எடமெல்லாம் இவங்களுக்குத் தெரியுமா!" அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. எத்தனை தரம் பைக்கை நிறுத்தி, பிளேன்டீ குடித்திருப்பான்!

'டிங்' என்றது போன். உங்கள் சாப்பாடு வந்துவிட்டது. எப்படி இருந்தது? கீழே ஐந்து வெற்று ஸ்டார்கள் பல்லைக் காட்டின.

பஸ்லினா வாசலைப் பார்த்தாள். வாசலில் ஒரு காக்காய்கூட இல்லை. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கீழே ஸாகி யாருடனோ கிரிக்கெட் மெச் பற்றி அளந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி, அவன் என்ட கூடப்பொறந்தவன்" என்றாள் பஸ்லினா மெல்ல. "கொத்து எங்கயும் போகாது எண்டும் தெரியும். ஆனாலும் எனக்குக் கோவம் வருது பாரு. வந்துட்டு எண்டுறானே, எங்க வந்த?"

அவள் பெருவிரல் தன்பாட்டில் முதல் ஸ்டாரின் பக்கம் போனது. யோகராஜ் அந்த விரலையே பார்த்தான். அவனுக்குள் என்னவோ சடக்கென்று திறந்தது.

"அக்கா, நிறுத்துங்க! கண்டுபிடிச்சாச்சு! நான் படி ஏற முந்தியே அவங்க ஸ்டார் போட்டுர்றாங்க!"

கொத்தோடு வந்த ஸாகி, இருவரும் கைதட்டுவதைப் பார்த்துத் தனக்கென்று நினைத்துக் குனிந்து சலாம் போட்டான்.

"கைதட்டு உனக்கில்ல. நீ ஒத்த ஸ்டார்ல இருந்து தப்பினது அவனால."

கொத்தைத் தின்றுகொண்டே கடிதம் எழுதினார்கள். படுத்த படுக்கைத் தாயார் எழுந்து போய்விட்டார். கருணை உள்ளமும் போனது. யோகராஜ் தமிழில் சொல்ல, பஸ்லினா இங்கிலீஷில் தட்டினாள்.

"சாப்பாடு வரவில்லை என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஸ்டார் போட்ட நேரத்தில் வரவில்லைதான். பிழை என்னுடையது. படியில் சிக்னல் இல்லாததால் கீழேயே டெலிவரி என்று இழுத்துவிட்டு ஏறினேன். வாங்குகிறவருக்கு என்ன தெரியும் என்று நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். ஒரு பார்சலும் கொடுக்காமல் விடவில்லை. இனிமேல் கையில் கொடுத்த பிறகுதான் இழுப்பேன். அப்போது பிந்தியதாகக் காட்டினால், அந்தப் படியையும் கொஞ்சம் கணக்கில் எடுங்கள்."

"கடைசி வரி திமிரா இல்லியா?" என்றான் ஸாகி.

"அதுதான் முதுகெலும்பு. இருக்கட்டும்" என்றாள் பஸ்லினா.

அடுத்த நாள் காலை யோகராஜ் அந்த மேட்டு வீட்டுப் படிகளின் நடுவில் நின்று, பாறையையும் படியையும் படமெடுத்தான். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லாத போன் திரையையும் பிடித்துச் சேர்த்தான். பெட்டிக்குள் எல்லாம் போனது.

பிறகு காத்திருப்பு. வீட்டில் தேங்காய் துருவினான், துணி காயப்போட்டான், பீங்கான் கழுவினான். கிருஷாந்தி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"அவங்க ஒங்கள எடுக்காட்டிப் போகட்டும். நான் அஞ்சு ஸ்டார் தர்றேன்."

"அஞ்சு ஸ்டாருக்கு லீசிங்காரன் பைக்க விடுவானா?"

"அதுக்குத்தான் நானும் எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள், ஆனால் அவன் போன் சிணுங்கும்போதெல்லாம் முதலில் ஓடியது அவள்தான்.

அப்படி ஓடியவள் ஒரு நாள், ரொட்டி மாவு அப்பிய கையோடு போனை ஏந்தி, "ஏங்க! ஏங்க!" என்று வீடே அதிரக் கூவினாள். இந்தத் தரம் 'அன்பான ரைடர் பார்ட்னரே' இல்லை. 'யோகராஜ்' என்று பேர் இருந்தது. படங்களைப் பார்த்தார்களாம். அந்த ஸ்டார்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்களாம். கொடுக்காமல் இழுக்கக்கூடாது, இது எச்சரிக்கை. கணக்கு திறந்தாகிவிட்டது.

யோகராஜ் அந்த மாவுக் கையைப் பிடித்து அவளை ஒரு சுற்றுச் சுற்றினான். "விடுங்க, ரொட்டி கருகுது!" என்றாள். கருகட்டும் என்றான். கருகியது. தின்றார்கள்.

விதி என்று ஒன்று இருக்கிறதே, முதல் ஓடரே பாறை மறைக்கிற அந்தப் படிக்கு மேலே இருந்த ஒரு வீட்டுக்குத்தான். படியில் ஏறும்போது விரல் அரித்தது. இழுக்கவில்லை. மேலே கேட்டைத் தட்டினான். தையல் அளவு நாடா கழுத்தில் தொங்க ஒரு பெண் வந்தாள். மஸாஹிரா என்று ஓடரில் பேர்.

"அட! இண்டைக்கு மனுசன் முந்தி, மெசேஜ் பிந்தி!" என்றாள்.

யோகராஜ் பையைத் திறந்த கையோடு நிமிர்ந்தான். "அக்கா, அந்த ஒத்த ஸ்டார்..."

"நாந்தான் போட்ட. வேற ஆரு போடுற? வந்துட்டு எண்டுது போன், வாசல்ல பூனகூட இல்ல. ஏசிக்கொண்டே ஒத்த ஸ்டார அமத்தின. அமத்தி முடிய நீங்க மூச்சு வாங்க வந்து நிண்டீங்க. போட்டத எப்பிடித் திருப்பி எடுக்கிற எண்டு தெரியல. அவமானமாப் போச்சு. சொல்லவும் இல்ல."

"தப்பு என்னோடதுங்க. இப்ப கீழ போய்த்தான் இழுக்கணும். அதுவரைக்கும் ஸ்டார் போட்டுறாதீங்க" என்றான், இரண்டு கையையும் கூப்பி.

"என்னத்துக்குக் கீழ போற? எங்கட ஊட்டு வைஃபைய எடுங்க!" அளவு நாடாவை வீசிவிட்டு அவன் போனைப் பிடுங்கிப் பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்தாள். கேட்டடியில் நின்றபடியே இழுத்தான். உள்ளே மேசை மேலிருந்து அவள் போன் 'டிங்' என்றது. இருவரும் சின்னப்பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள்.

இப்போது அந்தப் படியேறுகிற ரைடர்கள் எல்லோருக்கும் அந்தப் பாஸ்வேர்ட் தெரியும். ஸாகிதான் பரப்பினான். எந்த வீட்டுக்கு வந்தாலும் பார்சலைக் கொடுத்த பிறகு, மஸாஹிராவின் கேட்டடியில் நின்று இழுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

"என்ட வாசல் பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஆகிட்டு!" என்று ஒரு நாள் அவள் கத்தினாள்.

"அப்ப எனக்கு எத்தன ஸ்டார்?" என்று யோகராஜ் படியிலிருந்து கேட்டான்.

"முதல்ல பார்சலக் குடுங்க!" என்றாள் அவள்.