பதினெட்டு நிமிட மெஷின்

காலை எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரை என் அண்ணன் பட்டறை ஜன்னலில் விழும் வெயிலுக்கு அண்ணி சொன்ன விலை, ஒரு டிரில்லிங் மெஷின். வெயில் ஊருக்கே சும்மா கிடைக்கிற சரக்கு. ஆனாலும் பேரம் பேசிப் பார்த்தேன். பேசாமல் வந்தால் எங்கள் வீட்டில் பிறந்தவன் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஸ்பேனர் செட் ஒன்று தருகிறேன் என்றேன். மெஷின்தான் வேண்டும், அதுவும் நீங்கள் எடுத்துத் தரக்கூடாது, சரக்குக் கட்டுக்குள்ளிருந்து நானே எடுப்பேன் என்றாள். அந்த இரண்டாவது நிபந்தனையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

என் கருவிக் கடைக்கு விளம்பர நோட்டீஸ் அடிக்கிற வேலை. கைக்கருவிகள் ஒரு பக்கம், புதிதாக வந்த டிரில்லிங் மெஷின் மறுபக்கம். போட்டோக்காரர் என் கடைக்கு வந்து டியூப்லைட்டை ஒரு பார்வை பார்த்தார். இந்த வெளிச்சத்தில் உளியும் பிளாஸ்டிக் கரண்டியும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்றார். சாய்வாக வருகிற காலை வெளிச்சம் வேண்டும், மரத்தூள் படிந்த மேஜை வேண்டும். அண்ணன் பட்டறையை விட்டால் எனக்கு வேறு இடம் தெரியாது.

வேறு காரணமும் இருந்தது. சந்தையில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு, அண்ணன் பேச்சுக்கு இன்னொரு மதிப்பு. அவர் ரிப்பேர்காரர்; சந்தையில் பட்டறைக்காரர் என்றால் அவர்தான். எந்தக் கம்பெனி மெஷின் வந்தாலும் சரக்குக் கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவி, சுவிட்சை அழுத்தி, பூட்டு பட்டனையும் அமுக்கி, கையெடுத்துவிட்டு ஓடவிடுவார். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். நடுவில் உடம்பைத் தொட்டுச் சூடு பார்ப்பார், காற்றுத் துளை வழியே தீப்பொறி பார்ப்பார். பிறகு பிரித்து உள்ளே இருப்பதைச் சொல்வார். அவர் சரி என்றால் ஆசாரிகள் பெட்டியைக்கூடத் திறந்து பார்க்காமல் வாங்குவார்கள். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். நோட்டீஸின் தலைப்பை நான் ஏற்கெனவே அச்சகத்தில் கொடுத்திருந்தேன்: "பட்டறைக்காரர் சோதனைக்கு உட்பட்டது. முழு செம்பு வைண்டிங், இரும்பு கியர்."

சோதனை நடக்கவில்லை என்பது சின்ன விஷயம் என்று அப்போது நினைத்தேன். நூற்றிருபது மெஷின் ரொக்கத்துக்கு எடுத்திருந்தேன், ஒன்று ஆயிரத்து நானூற்றைம்பது வீதம். திருப்பி எடுக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் மொத்த வியாபாரி அந்த விலைக்கு இறக்கினான். இரண்டாயிரத்து இருநூறுக்கு விற்றால்தான் கடை நிமிரும். அண்ணன் பேர் இல்லாமல் அந்த விலைக்கு ஒருவனும் வாங்கமாட்டான்.

பட்டறையில் மேஜை, ஸ்டூல் எதுவும் நகர்ந்திருக்கவில்லை. சுவர்ப்பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைக் கறுப்பு பெயின்டில் அண்ணன் வரைந்து வைத்திருந்தார். எடுத்தது எங்கே போக வேண்டும் என்று தெரிய. பழைய கருவிகளை அண்ணி டிரங்குப் பெட்டியில் எடுத்து வைத்திருந்தாள். போட்டோக்காரர் என் புதுச் சரக்கை அந்த ஆணிகளில் மாட்டினார். குறடு, ரம்பம், மூலைமட்டம், சுத்தியல். ஒன்றுகூட வரைந்த கோட்டுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. வெயில் வந்து விழுந்ததும் ஒவ்வொரு புதுக் கருவிக்குப் பின்னாலும் இன்னொன்று, கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக எட்டிப் பார்த்தது.

"நல்லா வருது சார், ஆழம் கெடைக்குது," என்றார் போட்டோக்காரர். நான் அந்தக் கறுப்பைப் பார்க்காமல் மேஜைப் பக்கம் திரும்பினேன்.

அண்ணி மெஷினோடு வந்தாள். கடையில் கட்டின் நடுவிலிருந்து அவளே உருவிய பெட்டி. மேஜை மூலையில் ரப்பர் விரிப்பைப் போட்டு, காற்றுத் துளைகள் மூடாதபடி மெஷினைக் கிடத்தி, சுவிட்சை அழுத்தி, பூட்டு பட்டனை அமுக்கினாள். சத்தம் கிளம்பியது. போட்டோக்காரர் முகம் சுளித்தார். நான், அண்ணி, இது எதற்கு, படம் எடுக்கிற நேரத்தில் என்றேன். வெயிலுக்கு விலை இதுதான் தம்பி என்று சொல்லிவிட்டு, மணி பார்த்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

மெஷின் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஸ்டூல் காலியாக இருந்தது. படம் எடுக்கிற சத்தத்தைவிட, யாரோ வேலை செய்கிற சத்தம்தான் அந்த அறையில் பெரிதாக இருந்தது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்கக்கூடாது என்று ரம்பத்தின் பல்லை எண்ணினேன். போட்டோக்காரரும் ஸ்டூலைச் சுற்றித்தான் நடந்தார், யாரோ உட்கார்ந்திருப்பது போல.

திடீரென்று சத்தத்தின் குரல் இறங்கியது. வார்னிஷ் கருகுகிற வாசனை வந்தது. துளை வழியே மெல்லிசாகப் புகை. நான் பிளக்கைப் பிடுங்கினேன். முழுதாக நிற்பதற்குள் அண்ணி வாசலில் நின்றாள்.

ஆறவிட்டு, பக்கவாட்டு மூடிகளைத் திருகி கார்பன் பிரஷ்களை எடுத்தாள். ஸ்க்ரூக்களைக் கழற்றி மேலோட்டைப் பிரித்தாள். இந்தக் கை எப்போது பழகியது என்று எனக்குத் தெரியாது. கியரைக் காட்டினாள், இரும்புதான், அதில் பொய் இல்லை. மோட்டார் சுருள், அதாவது வைண்டிங், கறுத்துப்போயிருந்தது. ஒரு இழையை இழுத்து நறுக்கி, முனையை வெயிலில் பிடித்தாள். மேலே மெல்லிசாகச் செம்புப் பூச்சு. உள்ளே வெள்ளை. அலுமினியம்.

"செவுத்துல நாலு ஓட்டை போடுறவனுக்கு இது போதும்," என்றேன். என் குரலே எனக்குக் கடைக்காரன் குரலாகக் கேட்டது.

"போதும். அதை அப்படியே சொல்லி வித்துக்கங்க. அவர் பேரையும் போட்டுக்கங்க, நான் வேணாங்கல. ஆனா அதுக்குக் கீழ அவர் என்ன சொல்லியிருப்பாரோ அதைப் போடுங்க."

நறுக்கிய இழையை மேஜையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கும் அடுப்படியிலதான் இருந்தேன். மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. சோதனை பாக்குறார்னு நெனச்சேன். பதினோரு மணிக்கு வந்து பாத்தா, நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுச் சாஞ்சு கெடந்தவரு பக்கத்துல அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. நல்ல மெஷின் தம்பி. உங்க கடை மெஷின்தான். சுத்தமான செம்பு. பாதியில நின்னிருந்தா அப்பவே எட்டிப் பாத்திருப்பேன்."

அச்சகத்துக்குப் போன் போட்டேன். அண்ணன் பேர் இருக்கட்டும், அடுத்த வரியை மாற்றுங்கள் என்று சொல்லி, சொல்லச் சொல்ல எழுதவைத்தேன்: "கியர் இரும்பு. வைண்டிங் அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. வீட்டு வேலைக்கு ஏற்றது, பட்டறைக்கு வேண்டாம். ஐந்து நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் ஆறவிடவும். விலை ஆயிரத்து நானூறு." அச்சகத்துக்காரர் நான் குடித்திருக்கிறேனா என்று விசாரித்தார். மிச்சமுள்ள நூற்றுப்பத்தொன்பதும் விற்றால் ஒன்றுக்கு ஐம்பது வீதம் நஷ்டம், எரிந்த ஒன்று தனி. கைக்கருவிகளில் கொஞ்சம் ஈடுகட்டலாம். படங்கள் நன்றாகவே வந்திருந்தன.

புறப்படும்போது அண்ணி இழுப்பறையிலிருந்து அண்ணனின் சோதனை நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு வரியிலும் கம்பெனி, ஆரம்பித்த மணி, நிறுத்திய மணி, ஓடிய நிமிடம். கடைசி வரியில் ஆரம்பித்த மணி மட்டும் அவர் கையெழுத்தில் இருந்தது. ஒன்பது நாற்பது. அண்ணி பேனாவைத் திறந்து நிறுத்திய மணி பதினொன்று என்று நிரப்பினாள், நிமிடம், எண்பது. கீழே புது வரியில் இன்றைய மெஷின்: எட்டு முப்பத்தொன்று, எட்டு நாற்பத்தொன்பது, பதினெட்டு.

இரண்டுக்கும் கீழே கோடு கிழித்துக் கழித்தாள். அறுபத்திரண்டு. அந்த நிமிடங்களை யார் கணக்கிலும் எழுதாமல், அப்படியே நோட்டை மூடினாள்.