படிக்கட்டில் அரை மணி நேரம்

கண்ணாடிக் கடையில் என் வேலை, கண்ணைப் பரிசோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பது. புதுக் கண்ணாடி வாங்குகிறவர்களிடம் தினமும் சொல்வேன்: "பத்து நாளைக்குத் தரை சரிவாத்தான் தெரியும். கழட்டாம போட்டுக்கிட்டே இருங்க, பழகிடும்." புதுக் கணவருக்கு எத்தனை நாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகி எழுபது நாள் ஆகியும் எனக்குத் தரை சரிவாகத்தான் இருந்தது.

மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் அக்காவிடம் அழுது தீர்த்திருக்கலாம். இவரோ தண்ணீர் கொடுத்தால் "தேங்க்ஸ்ங்க" என்பார். உப்பை நகர்த்தி வைத்தாலும் "தேங்க்ஸ்ங்க". கட்டிலில் திரும்பினால் விழுந்துவிடுகிற ஓரத்தில் படுப்பார். மறு ஓரத்தில் நான். நடுவில் இன்னும் ஒருவர் தாராளமாகப் படுக்கலாம். குளியலறையில் இருமினால்கூட வெளியே கேட்கக் கூடாதென்று நான் குழாயைத் திறந்துவிடுவேன். அவரும் அதையே செய்தார். எங்கள் கூச்சத்தில் தொட்டி காலியானதுதான் மிச்சம்.

பையில் சாவி இருந்தும், ஆறு மணிக்குக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். தட்டும் சத்தம் கேட்டதும் போனை வைத்துவிட்டு, தலையைச் சரிசெய்துகொண்டு, வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்துவிடுவேன். கடையிலிருந்து நான் ஐந்து மணிக்கே வந்துவிடுவேன்; ஐந்தரையிலிருந்து அவர் தட்டும்வரை போனில் அக்காவோடு அரட்டை. நாள் முழுவதிலும் நான் நானாக இருந்தது அந்த அரை மணி நேரம்தான். அவரைப் போலவே பேசிக் காட்டுவேன்: "மூச்சு விட அனுமதிச்சதுக்கு ரொம்ப தேங்க்ஸ்ங்க." அக்கா வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

ஒரு வியாழக்கிழமை, கீழ்வீட்டுத் தையல்காரம்மா என்னை வாசலிலேயே மடக்கினார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் அஞ்சரைக்கே வந்துடறாரே. அப்புறம் உங்க மாடிக்குப் போற படியில அரை மணி நேரம் உட்கார்ந்திருக்காரு. வீட்ல ஏதாவது சண்டையா?"

எனக்கு முகம் செத்துப்போனது. ஊர்ப்பட்ட கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வருகிற மனிதருக்குத் தன் வீட்டுக்குள் மட்டும் வரப் பிடிக்கவில்லை. என்னைப் பிடிக்கவில்லை. அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஒரு மாதம் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு திரும்புவேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் சரியாக ஐந்தரைக்குப் படியிறங்கினேன். மடியில் கருவிப்பையை வைத்துக்கொண்டு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்கு வரப் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே! இப்படிப் படியில உட்கார்ந்து தவம் இருக்கணுமா?"

எழுபது நாளில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.

"பிடிக்கலைன்னு யார் சொன்னா?"

"பின்ன எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

தொண்டையைச் செருமினார். "மொத வாரம் ஒரு நாள் சீக்கிரம் வந்தேன். உள்ள நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் தட்டினதும் நின்னுடுச்சு. மறுநாளும் அப்படித்தான். நான் வந்தா உங்க சிரிப்பு நின்னுடுது. அதான்... நல்லாச் சிரிச்சு முடிக்கட்டும்னு."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு பயமும்.

"நான் பேசினது இங்க கேட்குமா?"

"எல்லாம் கேட்காது." கொஞ்சம் தயங்கினார். "'தேங்க்ஸ்ங்க' மட்டும் நல்லாக் கேட்கும்."

எனக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வதென்றே தெரியவில்லை.

"மூச்சு விட அனுமதிச்சதுக்குன்னு ஒரு நாள் சொன்னீங்களே, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். ஆனா ஒரு தப்பு. நான் மொதல்ல தொண்டையைச் செருமுவேன். அதை நீங்க விட்டுட்டீங்க."

"இனிமே சேர்த்துக்கறேன்" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"நீங்க மட்டும் என்னவாம்?" என்றவர், என் குரலிலேயே ஆரம்பித்தார். "'உப்பு இப்ப சரியா இருக்கா? நேத்து சரியா இருந்துச்சா? இதுவா, அதுவா?' சாப்பிட உட்கார்ந்தா எனக்குக் கண் டெஸ்ட் பண்ற மாதிரியே இருக்கு."

அச்சு அசல் நான்தான். பாவி மனிதர் எழுபது நாளும் என்னைக் கவனித்திருக்கிறார்! சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். தையல்காரம்மா கீழே இருந்து எட்டிப் பார்த்து, "சண்டை இல்லையே?" என்றார்.

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம்" என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டதற்கு, வேலை இருக்கிறது என்றேன்.

அடுத்த நாள் ஐந்தரைக்கு, செருமல் உட்பட, படிக்கட்டில் நடந்ததையெல்லாம் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பூட்டில் சாவி திரும்பியது. பழக்கதோஷத்தில் என் விரல் போனை அணைக்கப் போனது. அணைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். அவர் பையை ஒரு மூலையில் போட்டுவிட்டு அமர்ந்தார். தண்ணீரை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

அவர் வாயைத் திறப்பதற்குள், நானும் போனில் அக்காவும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "தேங்க்ஸ்ங்க!"

புரையேறப் புரையேறச் சிரித்தார். இந்த வீட்டுக்குள் அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.