ஆறு மாவுக்கு எத்தனை ஆர்?

பிலோமின்ராஜின் கைப்பேசிக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தபோது அவர் இட்லி தின்றுகொண்டிருந்தார். செய்தியைப் படித்ததும் கையிலிருந்த இட்லி தட்டிலேயே விழுந்தது. பயிர்க் காப்பீட்டுத் தொகை பதினோராயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய்.

"நாப்பத்து மூவாயிரத்து இருநூறு வரணும்டி. இவனுங்க பதினோராயிரத்தப் போட்டிருக்கானுங்க" என்று கத்தினார்.

லூர்தம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த நாற்பத்து மூவாயிரம் மூன்று மாதமாக அந்த வீட்டில் இன்னொரு பிள்ளையைப் போல வளர்ந்து வந்தது. காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டில் அவர்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். ஆறு மாவில் ஒரு வயல், மூன்று மாவில் ஒரு வயல். ஹெக்டேருக்குத் தொண்ணூறாயிரம் காப்பீடு, நாற்பது சதவீதம் மழைச் சேதம், மொத்த நிலம் ஒன்று புள்ளி இரண்டு ஹெக்டேர் என்று பெருக்கிப் பெருக்கி மனிதர் அந்தத் தொகையை மனப்பாடம் செய்துவைத்திருந்தார். அதில்தான் முத்தையனின் பழைய பவர் டில்லரை வாங்குவதாக ஏற்பாடு. விலை நாற்பதாயிரம். வரப்புக்கு அந்தப் பக்கம் ஆறு மா வைத்திருக்கும் பாலகுருவும் இவரும் பாதிப் பாதி. இருவரும் பதினெட்டு வருடமாக ஒரே மதகில் தண்ணீர் வாங்கி, ஒரே ஆளை வைத்து நாற்று நட்டவர்கள்.

அந்த நேரம் பார்த்துப் பாலகுரு வாசலில் வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

"அண்ணே, பணம் வந்துருச்சா? எனக்கு இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு! கெளம்புங்க, முத்தையன் வீட்டுக்குப் போவோம்."

பிலோமின்ராஜ் மெல்ல எழுந்தார். அதே மழை, அதே வரப்பு, நிலமும் தன்னுடையதைவிட மூன்று மா குறைவு. இவனுக்கு மட்டும் எப்படி?

"சேதம் கணக்கெடுக்க வந்த ஆளுக்கு எளநி வெட்டிக் குடுத்தியே, அது வெறும் எளநிதானா தம்பி?" என்றார்.

பாலகுருவின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். லூர்தம்மாளுக்குப் புருஷனை அந்த இட்லித் தட்டாலேயே ஒரு போடு போடலாமா என்று வந்தது.

"வாய்க்கு வந்ததப் பேசிட்டீங்க. டில்லரும் போச்சு, ஆளும் போச்சு" என்றாள்.

"போனா போவட்டும்" என்றார் அவர். ஆனால் அன்றைக்கு மீதி இட்லியைத் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்து, கொடுவா மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது லூர்தம்மாளுக்கு ஒன்று உறைத்தது. சேதம் பார்க்க ஆள் வந்த அன்றைக்கும் இதே மீன்குழம்புதான் கொதித்துக்கொண்டிருந்தது. பொங்கல் முடிந்த வாரம். பயிர் சாய்ந்து கிடந்ததால் மெஷின் இறங்கவில்லை என்று ஆறு மாவையும் கையால் அறுத்து, காயட்டும் என்று வயலிலேயே பரப்பியிருந்தார்கள். மறுநாளே பேய்மழை. அறுத்துப் போட்ட கதிர் அரியெல்லாம் தண்ணீரில் மிதந்து முளை கட்டிவிட்டது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்று பிலோமின்ராஜும் பாலகுருவும் விழுந்தடித்துப் போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள். நாலாம் நாள் ஆள் வந்தபோது பிலோமின்ராஜ் சாக்கு வாங்கக் காரைக்கால் போயிருந்தார். லூர்தம்மாள்தான் பட்டாவைக் காட்டினாள், கையெழுத்தும் போட்டாள்.

அப்போது என்ன சொன்னோம்? அது மட்டும் சரியாக நினைவுக்கு வரவில்லை. ஆனால் என்னவோ சொன்னோம்.

அடுப்பை அணைத்துவிட்டு, கணக்கு எழுத ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையையும் பட்டாவையும் பையில் போட்டுக்கொண்டு உழவர் உதவியகத்துக்கு நடந்தாள். பாதி வழியில் பின்னாலிருந்து, "லூர்தக்கா, நில்லுங்க" என்று குரல். பாலகுருவின் மனைவி லோகாம்பாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் புருஷனின் கைப்பேசி.

"எங்க வீட்டுல ரெண்டு நாளா சாப்பாடே எறங்கல அவருக்கு. நம்ம ரெண்டு பேரு செய்தியையும் உதவியகத்து அம்மாகிட்ட காட்டிக் கேட்டுருவோம். திருடன்னு பேரு வாங்கிக்கிட்டுக் குடித்தனம் பண்ண முடியுமா?"

"ஒன் புருஷன யாருடி திருடன்னது? எம் புருஷன்தான் லூசு" என்றாள் லூர்தம்மாள்.

வேளாண் அலுவலர் தாமரைச்செல்வி இருவரையும் உட்கார வைத்தார். பொறுமையான பெண். பிலோமின்ராஜின் நாற்பத்து மூவாயிரத்தைக் கேட்டதும் முதலில் அதைத்தான் உடைத்தார்.

"அம்மா, மூணு மா வயலு மழைக்கு முன்னாடியே அறுத்து வீடு வந்துருச்சுல்ல? காப்பீடு செஞ்ச பரப்பு முழுசுக்கும் கெடைக்காது. அறுத்துக் காயப்போட்டு நனைஞ்ச பரப்புக்கு மட்டுந்தான். ஹெக்டேருக்குக் காப்பீட்டுத் தொகை, சேத சதவீதம், பாதிச்ச பரப்பு. இந்த மூணையும் பெருக்குனா வர்றதுதான் ஒங்க பணம்."

லூர்தம்மாள் உறையைத் திருப்பி வைத்துக்கொண்டாள். எட்டாவதோடு படிப்பு நின்றாலும் சுயஉதவிக் குழுவின் கணக்கை ஒன்பது வருடமாக ஒற்றை ரூபாய் பிசகாமல் எழுதுகிறவள். தொண்ணூறாயிரத்தில் நாற்பது சதவீதம் முப்பத்தாறாயிரம். இரண்டு பேருக்கும் அது பொது. அப்படியானால் வந்த பணத்தை முப்பத்தாறாயிரத்தால் வகுத்தால் அவர்கள் எத்தனை ஹெக்டேருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். முதலில் லோகாம்பாளுடையது. இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு.

"புள்ளி எட்டு" என்றாள்.

"சரி. நூறு ஆர் ஒரு ஹெக்டேர், அப்ப எண்பது ஆர். ஆறு மான்னா அவ்வளவுதான் வரும்" என்றார் அலுவலர்.

அப்படியென்றால் பாலகுருவின் பணத்தில் ஒரு பைசா அதிகமில்லை. லோகாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லூர்தம்மாள் தன்னுடையதை வகுத்தாள். புள்ளி மூன்று இரண்டு.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

தாமரைச்செல்வி கணினியில் ஆய்வு அறிக்கையைத் தேடி எடுத்தார். காப்பீடு செய்த பரப்பு சரியாகத்தான் இருந்தது. பாதித்த பரப்பு என்ற இடத்தில், 'விவசாயி கூறியபடி எண்பது சென்ட்' என்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் அதை மாற்றி, புள்ளி மூன்று இரண்டு ஹெக்டேர். கீழே லூர்தம்மாளின் கையெழுத்து, குண்டு குண்டாக, அழகாக.

இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. பட்டாவில் அந்த வயலுக்கு நேரே 0-80-00 என்று இருக்கும். ஹெக்டேர், ஆர், சென்டியார். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து இங்கே காகிதத்தில் அதுதான் எழுத்து. ஆனால் ஊரில் யாரும் அதை வாயால் சொல்வதில்லை, எல்லாருக்கும் மாதான். குழம்பு அடிப்பிடிக்கிற அவசரத்தில் அவள் நடு எண்ணில் விரலை வைத்து, "எண்பதுன்னு போட்டிருக்கு பாருங்க" என்றாள். வெளியூர்க்காரரான அந்த ஆள், "எண்பது சென்ட்டா?" என்று கேட்டார். "ஆமா ஆமா" என்றாள். இரண்டு ஏக்கர் நிலம் ஒரு மீன்குழம்புக்காக முக்கால் ஏக்கர் சொச்சமாகச் சுருங்கிவிட்டது.

"பாலகுரு வயலுக்கு மட்டும் எப்படிச் சரியா எழுதுனாரு?" என்று கேட்டாள்.

லோகாம்பாள் சிரித்துவிட்டாள். "இவரு பட்டாவ எடுத்துட்டுப் போகலக்கா. ஆறு மான்னாரு. மான்னா என்னன்னு வந்த ஆளுக்குத் தெரியல. அப்பறம் போனக் கையில வச்சிக்கிட்டு வரப்பு முழுக்கச் சுத்தி நடந்து அளந்தாரு. நாக்கு வறண்டு போனதுனாலதான் எளநியே!"

லூர்தம்மாளும் சிரித்தாள். தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள். மாதாவே, இந்த இளநீருக்கா இவ்வளவு ரகளை!

அலுவலர் சொன்னபடி அங்கேயே மனு எழுதினாள். பட்டா நகல், பாலகுருவின் கைப்பேசியில் இருந்த அறுவடைப் படங்கள், தன் கணக்கு எழுதிய உறை எல்லாவற்றையும் இணைத்தாள். வர வேண்டியது இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு, வந்தது பதினோராயிரத்து ஐந்நூற்று இருபது, மீதி பதினேழாயிரத்து இருநூற்று எண்பது என்று முடித்து, குண்டெழுத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு தன்னுடையதுதான் என்பதையும் விடவில்லை.

"எண்பதுன்னது நீ. எளநின்னது நானு. ஒன் தப்புக்கு மனு இருக்கு, என் தப்புக்கு எங்க போயி எழுதிக் குடுக்குறது?" என்றார் பிலோமின்ராஜ்.

"வரப்பத் தாண்டிப் போயிச் சொல்லுங்க."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு? டில்லருக்கான என் பங்க எண்ணி அவன் கையில வச்சிட்டுத்தான் பேசுவேன்." பிடிவாதத்தில் அந்த மனிதரை அசைக்க முடியாது. பாலகுருவைத் தூரத்தில் பார்த்தாலே வாய்க்காலில் இறங்கி வேறு பக்கம் போனார்.

பத்து நாளில் மறு அளவைக்கு ஆள் வந்தது. முதலில் வந்த அதே மனிதர். லூர்தம்மாள் அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

"எவ்வளவுங்க நிலம்?"

"ஆறு மா" என்றாள். "நடந்து அளந்துக்குங்க. பின்னாடியே நானும் வர்றேன்."

வைகாசி பிறந்து ஒரு வாரத்தில் குறுஞ்செய்தி வந்தது. பிலோமின்ராஜ் கைப்பேசியை எடுக்கும் முன்பே, "பதினேழாயிரத்து இருநூத்தி எண்பது. ஒரு ரூபா கொறஞ்சாலும் சொல்லுங்க" என்றாள் லூர்தம்மாள். அவர் படித்துவிட்டு அவளையே பார்த்தார். பிறகு கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி சிரித்தார்.

இருபதாயிரத்தை எடுத்துக்கொண்டு இருவரும் முத்தையன் வீட்டுக்கு ஓடினார்கள். கொட்டகை காலியாக இருந்தது.

"டில்லரா? அது வித்து ஒரு மாசமாச்சுங்களே. நேத்து வரைக்கும் இங்கதான் நின்னுச்சு" என்றார் முத்தையன்.

பிலோமின்ராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாக் கணக்கும் சரியாக வந்து என்ன பிரயோசனம்?

"யாரு வாங்குனா?" என்றாள் லூர்தம்மாள்.

முத்தையன் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ரசீதின் நகலைக் கொண்டுவந்து நீட்டினார். வாங்குபவர்கள்: பாலகுரு, பிலோமின்ராஜ். இரண்டு பேர், ஒரே வரியில். தேதியைப் பார்த்தாள். இளநீர்ச் சண்டைக்கு மறுநாள். அவளும் லோகாம்பாளும் கணக்குப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள். பாலகுரு தன் காப்பீட்டுப் பணத்தோடு பால் காசையும் போட்டு மொத்தத்தையும் கட்டியிருந்தான், திருடன் என்று கேட்ட மறுநாளே. லூர்தம்மாளுக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

பிலோமின்ராஜ் திரும்பிப் பார்க்காமல் நடந்தார், பின்னாலேயே லூர்தம்மாளும். வயலில் டில்லரின் சத்தம் கேட்டது. அவரைப் பார்த்ததும் பாலகுரு வண்டியை நிறுத்தினான். பிலோமின்ராஜ் வரப்பில் நின்று பணத்தை நீட்டினார். இரண்டு முறை, "தம்பி… தம்பி…" என்றார்.

"எண்ணிட்டீங்களாண்ணே?"

"அவ எண்ணிட்டா."

"அப்பன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பணத்தை மடியில் செருகிக்கொண்டான் பாலகுரு. "ஏறுங்க. எங்க பக்கம் முடிஞ்சுது. ஒங்க பக்கத்த நீங்களே ஓட்டுங்க."

பிலோமின்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். வண்டி துள்ளியது, வளைந்தது, நேராக நடு வரப்பைப் பார்த்துப் போயிற்று.

"ஏங்க, வரப்ப உழுதுடாதீங்க!" என்று கத்தினாள் லூர்தம்மாள். "அப்பறம் மறுபடியும் அளக்கணும்!"